தாமதத்துக்கு மன்னிப்புக் கடிதம்: எந்த வரி வேலை செய்தது

60 விநாடி அனிமேஷன் விளம்பரம். ஒவ்வொரு ஃபிரேமையும் கணினியில் இறுதிப் படமாக்கும் ரெண்டர் வேலையை முடித்து ஓட்டிப் பார்த்தால் நிழல்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் துடித்தன. மொத்தத்தையும் மறுபடி ரெண்டர் செய்ய வேண்டிய நிலை.

"தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம், விரைவில் தருகிறோம்" என்று வாடிக்கையாளருக்கு எழுதினேன். "எப்போது?" என்று ஒரே வார்த்தையில் பதில். நிழல் ஏன் துடிக்கிறது என்று ஒரு பக்கம் விளக்கினேன். மறுபடி அதே கேள்வி. வெறும் தேதி அனுப்பினால், இதை எப்படி நம்புவது என்றார்கள்.

சரி, கணக்கையே கடிதத்தில் வைத்துவிடலாம் என்று சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். விநாடிக்கு 25 ஃபிரேம், மொத்தம் 1,500. ஃபிரேமுக்கு 12 நிமிடம் வீதம் 300 மணி நேரம். மூன்று கணினிகளில் 100 மணி நேரம், அதாவது நாலு நாளுக்குச் சற்று மேல். கெட்டுப்போகும் ஃபிரேம்களுக்காக ஒரு நாள் கூடுதல்.

பலரும் விட்டுவிடுவது, வாடிக்கையாளர் பார்த்து ஒப்புதல் தரும் நாட்களை. அதை இப்படி எழுதினேன்: "திங்கள் காலை முதல் 20 விநாடி உங்களிடம் இருக்கும். செவ்வாய் மாலைக்குள் ஒப்புதல் தந்தால் வெள்ளிக்கிழமை முழுப் படம். உங்கள் பதில் ஒரு நாள் தள்ளினால் வெள்ளியும் சனியாகும்." 20 விநாடிக்கு 500 ஃபிரேம்தான், 34 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அதனால் திங்களைத் தைரியமாகச் சொல்ல முடிந்தது.

மன்னிப்பு மேலே ஒரே வரி. அன்று மாலையே புதிய தேதிக்குச் சம்மதம் வந்தது, பெரிய நிம்மதி.