கீசர் வால்வு சொட்டினால் அடைக்காதீர்கள்

குடியாத்தம், பள்ளிப்பட்டு, சித்தூர்ப் பக்கம் பனி இறங்கியதும் பிளம்பர்கள் அடிக்கடி கேட்கும் புகார், "கீசர் அடியில தண்ணி சொட்டுதுங்க" என்பதுதான். பல வீடுகளில் சொட்டும் வால்வு வாயை எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான தவறு கீசரில் வேறு இல்லை.

15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 300 மில்லி பெருகும். குளிர்நீர் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் சேஃப்டி வால்வு, தண்ணீரைத் திரும்பிப் போகவிடாது. அதனால் டேங்கில் அழுத்தம் ஏறும், வால்வு அதைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடும். சூடாகும்போது மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். வாயை அடைத்த பிறகு தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, சூடு மீறினால் கரன்ட்டை நிறுத்தும் கட்-அவுட்டும் வேலை செய்யாமல் போனால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அழுத்தத்திலேயே இருக்கும். டேங்க் பிளந்த நொடியில் அதில் ஒரு பகுதி ஆவியாகச் சீறும். சொட்டுவது தொல்லையாக இருந்தால் வால்வு வாயில் ஒரு குழாயை மாட்டி வடிகாலுக்கு விடுங்கள். அந்தக் குழாயை மூடும் திருகு எதையும் அதில் வைக்கக் கூடாது.

கீசர் ஆஃப் ஆகி ஆறிய பிறகும் சொட்டினால் கதை வேறு. போர் தண்ணீரின் உப்பு வால்வு சீட்டில் படிந்திருக்கும், அல்லது பிரஷர் பம்ப் அதிகமாகத் தள்ளும். ஆறிய கீசரில் வால்வின் லீவரை இரண்டு மூன்று முறை தூக்கி விடுங்கள். தண்ணீர் பாய்ந்து, விட்டதும் நின்றால் சரி. தூக்கினாலும் வரவில்லை, லீவர் அசையவே இல்லை என்றால் வால்வையே மாற்றுங்கள். புது வால்வு திறக்கும் அழுத்தம் கீசர் தகட்டில் உள்ள அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. தகட்டில் 0.8 MPa என்றிருந்தால் அது 8 பார்.

வருடம் ஒருமுறை, குளிருக்கு முன், மெயினை அணைத்து டேங்கைக் காலி செய்து எலிமென்டையும் மெக்னீசியம் ஆனோட் கம்பியையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் புதுசு போட வேண்டும். அது தீர்ந்தால் துரு அடுத்து டேங்கைத்தான் தின்னும். உப்பு மூடிய எலிமென்ட் அளவுக்கு மேல் சூடாகி, அதன் உறை விரிசல் விடும். கரன்ட் தண்ணீரில் கசிவது அங்கேதான்.

அந்தக் கசிவை மண்ணுக்குக் கொண்டுபோவது எர்த் வயர். எர்த் இல்லாத வீட்டில் சிலர் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சின்ன வயரால் இணைத்துவிடுகிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கீசர் உடலிலேயே 230 வோல்ட் வந்துவிடும். தண்ணீர்க் குழாயையும் எர்த்தாக நம்ப முடியாது, இப்போது எல்லாம் பிளாஸ்டிக். தனி எர்த்தும், கசிவு கண்டதும் கரன்ட்டை நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்தி, டிரிப் ஆகிறதா பாருங்கள்.

60 டிகிரித் தண்ணீர் ஐந்து நொடியில் தோலைப் பொசுக்கிவிடும், குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். தெர்மோஸ்டாட்டை 50 பக்கம் வையுங்கள், வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் பிடியுங்கள். டேங்கைக் காலி செய்த வருடச் சோதனை முடிந்ததும் சுடுநீர்க் குழாயைத் திறந்து, காற்று இல்லாமல் தண்ணீர் சீராக வந்த பிறகே ஸ்விட்ச் போடுங்கள். காலி டேங்கில் எலிமென்ட் சீக்கிரமே எரிந்துபோகும்.