வளவள எழுத்துக்குத் திருத்தம் சொல்வது எப்படி?

ஒருவருடைய கட்டுரையில் "ரொம்ப நீளம், சுருக்கவும்" என்று மட்டும் எழுதித் திருப்பினால், அவர் பெரும்பாலும் செய்தியை வெட்டிவிட்டு வளவளப்பை அப்படியே வைத்துக்கொள்வார். எந்தச் சொல், ஏன் வேண்டாம் என்று காட்ட வேண்டும். இந்தப் பத்தியை எடுத்துக்கொள்வோம்:

"எங்கள் தெருவில் உள்ள குடிநீர்க் குழாயில் கடந்த மூன்று மாத காலமாகத் தொடர்ந்து தண்ணீர் சரிவர வருவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. இது தொடர்பாக ஊராட்சி அலுவலகத்தில் இரண்டு முறை புகார் மனு அளிக்கப்பட்டும் இதுவரை இன்னும் எந்தவித நடவடிக்கையும் மேற்கொள்ளப்படவில்லை."

மொத்தம் 29 சொற்கள்.

படி 1: பேனாவைத் தொடுமுன் செய்திகளை ஓரத்தில் குறியுங்கள். எந்தக் குழாய், எத்தனை மாதம், என்ன குறை, எங்கே புகார், எத்தனை முறை, பலன் என்ன. திருத்திய பிறகு இந்த ஆறும் இருக்க வேண்டும்.

படி 2: இரண்டு குறிகள் போடுங்கள். ஒரே பொருள் இருமுறை வந்தால் அடிக்கோடு: "மாத காலமாக", "இதுவரை இன்னும்", "புகார் மனு". நன்னூல் இதைத்தான் 'கூறியது கூறல்' என்கிறது. எடுத்தாலும் செய்தி குறையாத சொல்லுக்கு அடைப்புக்குறி. இது 'மிகைபடக் கூறல்'. "என்பது குறிப்பிடத்தக்கது" இதற்கு நல்ல உதாரணம். "வருவதில்லை" என்றதுமே வாக்கியம் முடிந்துவிட்டது. மீதி வெறும் வால்.

படி 3: சந்தேகம் வந்தால் வெட்டாதீர்கள், கேளுங்கள். "சரிவர" என்பது பார்வைக்கு நிரப்புச் சொல் மாதிரி இருக்கும். அதை எடுத்தால் தண்ணீரே வருவதில்லை என்று பொருள் மாறிவிடும். நன்னூல் பத்துக் குற்றங்களில் முதலாவதாக வைப்பது 'குன்றக் கூறல்'. சுருக்கப் போகிறவர் விழும் குழி அதுதான். "அளிக்கப்பட்டும்" என்பதில் வேறு சிக்கல்: புகார் கொடுத்தது யார்? ஓரத்தில் "யார் கொடுத்தது?" என்று எழுதுங்கள். பதில் வந்தால் ஒரு சொல் கூடும், கூடட்டும்.

எழுதியவர் "தெருக்காரர்கள்" என்று பதில் சொன்னால்:

"எங்கள் தெருக் குடிநீர்க் குழாயில் மூன்று மாதமாகத் தண்ணீர் சரிவர வருவதில்லை. தெருக்காரர்கள் ஊராட்சி அலுவலகத்தில் இரண்டு முறை புகார் கொடுத்தும் இதுவரை நடவடிக்கை இல்லை."

இப்போது 19 சொற்கள். ஆறு செய்தியும் இருக்கின்றன, ஏழாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது.

படி 4: முழுக் கட்டுரையையும் நீங்களே திருத்திவிடாதீர்கள். ஒரு பத்தியை மட்டும் இப்படிச் செய்து காட்டுங்கள். மற்றவற்றில் குறிகளைப் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். குறிப்பைக் கேள்வியாக எழுதினால் எழுதியவர் முடிவெடுப்பார்: "'இதுவரை', 'இன்னும்' இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. எதை வைக்கலாம்?"

ஆனால் "வீடு வாசல்", "நோய் நொடி" போன்ற இணைமொழிகளில் அடிக்கோடு போடாதீர்கள். "வீடு வாசலை விட்டு வந்தார்" என்பதில் "வாசலை" வெட்டினால், ஊரையும் உறவையும் விட்டு வந்தவர் ஏதோ வெளியே போய் வந்தவர் போல ஆகிவிடுவார்.