உப்பைக் குறைத்தும் கால் வீங்குவது ஏன்?

"குழம்பில் உப்பே போடுவதில்லை, ஆனாலும் கால் வீக்கம் வற்றவில்லை" என்று இதயச் செயலிழப்பு நோயாளியின் வீட்டார் வருந்தினால், நான் முதலில் கேட்பது தொட்டுக்கொள்ள என்ன வைத்தீர்கள் என்பதைத்தான். உப்பில்லாத சோறு தொண்டையில் இறங்காதபோது கை தானாகவே ஊறுகாய் ஜாடியைத் தேடும்.

இந்த நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, பொதுவான உச்சவரம்பு. சோடியமாகச் சொன்னால் சுமார் 2,000 மில்லிகிராம். மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு.

ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். காலையில் கஞ்சிக்கு 15 கிராம் எலுமிச்சை ஊறுகாய். அதில் பத்தில் ஒரு பங்கு உப்பு என்று வைத்தாலே 1.5 கிராம். மதியம் 25 கிராம் கருவாடு. அதில் நூற்றுக்கு 15 பங்கு உப்பு என்றால் ஏறக்குறைய 3.75 கிராம். குழம்பில் ஒரு சிட்டிகைகூடப் போடாமலே அன்றைய அளவு தாண்டிவிட்டது! கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் கொஞ்சம் உப்பு போகும், ஆனால் சதைக்குள் ஊறியது முழுவதும் போய்விடாது. இவர்களுக்குப் பச்சை மீன்தான் சரி.

அப்பளம் நாக்கை ஏமாற்றும். அதில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது. அதுவும் சோடியம்தான், ஆனால் உப்பாகக் கரிக்காது. எண்ணெயில் பொரிக்காமல் தணலில் சுட்டாலும் குறைவது எண்ணெய் மட்டுமே. சோடா உப்பு சேரும் ரொட்டியும் பிஸ்கட்டும் இதே வகை.

பாக்கெட் உணவில் அட்டையைப் படிப்பவர்களும் தவறுவதுண்டு. அங்கே அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 100 கிராமுக்கான அளவு. 100 கிராமில் 1,200 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தால், 70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட்டில் 840. அதை 2.5-ஆல் பெருக்கினால் 2.1 கிராம் உப்பு.

எனக்கு மிகவும் அச்சம் தரும் தவறு வேறு. இந்துப்பு நல்லது என்று மாற்றுகிறார்கள், அதுவும் சோடியம்தான். 'சோடியம் குறைந்த உப்பு' இன்னும் ஆபத்தாகலாம், அதில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில் போன்ற மருந்துகள் எடுப்பவருக்கும் சிறுநீரகம் பலவீனமானவருக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

உப்பை அறவே நிறுத்துவதும் வேண்டாம். சோடியத்தை 1,500 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவரச் சொல்லிப் பார்த்த ஓர் ஆய்வு 2022-இல் வெளியானது. மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ அதனால் தெளிவாகக் குறையவில்லை. சுவையற்ற சோற்றை ஒதுக்கும் முதியவர் மெலிந்துபோவார். எலுமிச்சைச் சாறு, மிளகு, சீரகம், வறுத்த பூண்டு ஆகியவை குறைந்த உப்பிலும் சோற்றை இறக்கும்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது பெரும்பாலும் நீர். அன்றே மருத்துவரை அழையுங்கள், முந்தைய நாள்களில் தட்டில் என்ன இருந்தது என்பதையும் சொல்லுங்கள்.