மாதவிடாய் நிற்கும் காலத்துத் தலையிடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு தலையிடி கூடினால், திருகோணமலையில் முதலில் வெயிலைத்தான் குறை சொல்வோம். அடுத்தது கண்ணாடி, பிறகு பிரஷர். பிரஷரை அளந்து பார்ப்பது நல்லதுதான். ஆனால் டொக்டரிடம் போயும், "பீரியட்ஸ் முன்னைப்போல் ஒழுங்காக வருவதில்லை" என்பதைச் சொல்லாமல் திரும்பிவிடுகிறோம். ஆண் டொக்டர் என்றால் கூச்சம் இன்னும் கூடும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அவருக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

மாதவிடாய் நிற்பதற்கு முந்திய ஆண்டுகளில் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் சீராகக் குறைவதில்லை. ஏறும், திடீரென இறங்கும். அந்த இறக்கம்தான் மைக்ரேனைக் கிளப்புகிறது. பீரியட்ஸையொட்டி மட்டும் வந்த தலையிடி இப்போது நினைத்த நேரத்தில் வருவது அதனால்தான். இயற்கையாக நின்ற பிறகு பலருக்கு இது தணிந்துவிடும்.

அதுவரை பனடோலோடு சமாளிப்போம் என்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. உப்புவெளியில் 48 வயது ஆசிரியை ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுவர்க் கலண்டரில் பீரியட்ஸ் நாளுக்கு வட்டம், தலையிடிக்குப் புள்ளி, கடும் தலையிடிக்குப் பெரிய புள்ளி, குளிசை போட்டால் ஒரு கோடு. மாத முடிவில் புள்ளிகள் 18, கோடுகள் 17. பெரிய புள்ளிகள் ஐந்துதான், அதில் நாலு வட்டத்தின் பக்கத்தில்.

"ஒரு நாளைக்கு இரண்டுதானே போடுகிறேன்" என்பார். இங்கே பார்க்க வேண்டியது குளிசையின் எண்ணிக்கையை அல்ல, நாட்களின் எண்ணிக்கையை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பரசிட்டமோல் போட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், குளிசையே தலையிடியைத் தரத் தொடங்கலாம். கோடீன் கலந்த குளிசைக்கும், மைக்ரேனுக்கென்றே தரும் ட்ரிப்டான் வகைக்கும் எல்லை 10 நாள். காலையில் எழும்பும்போதே தலை மந்தமாக இருந்து, குளிசை போட்டதும் விட்டு, பின்னேரம் திரும்ப வந்தால் சந்தேகப்படுங்கள்.

அப்படியானால் இவருக்கு இருப்பது இரண்டு தலையிடி: பீரியட்ஸையொட்டி வரும் மைக்ரேன் ஒன்று, குளிசையால் வருவது மற்றொன்று. கலண்டரைக் கழற்றிக்கொண்டு போய்க் காட்டினால் டொக்டருக்கும் அது தெரியும். குளிசையைக் குறைக்கும்போது முதல் சில நாட்கள், சிலருக்கு இரண்டு வாரம்வரை, வலி கூடலாம். "தடுப்பு மருந்து எனக்குப் பொருந்துமா?" என்று அப்போதே கேட்கலாம். அதற்கு ப்ரொப்ரனலோல் தருவதுண்டு, ஆகவே ஆஸ்துமா இருந்தால் மறைக்க வேண்டாம்.

தலையிடிக்கு முன் கண்ணில் வளைந்து வளைந்து ஒளி தெரிகிறதா? அதையும் சொல்லுங்கள். அது உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடைக் குளிசை பக்கவாத ஆபத்தைக் கூட்டும். உடல் வெக்கைக்கு ஹோர்மோன் சிகிச்சை எடுப்பதென்றாலும், குளிசையைவிடத் தோலில் ஒட்டுவதோ பூசுவதோ பொருத்தமா என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும் மாதவிடாயின் தலையில் போடுவதும் தவறுதான். 50க்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய தலையிடியோடு, சாப்பாட்டை மெல்லும்போது தாடை நொந்தால், தலை சீவும்போது உச்சந்தலை வலித்தால், அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் பார்வை போகும், அன்றைக்கே காட்டுங்கள். சடுதியாக உச்சத்துக்கு ஏறும் தலையிடி, கைகால் விறைப்பு, பேச்சுக் குழறல் என்றால் கிளினிக் நாள் பார்க்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.