என்கொயரி ஃபார்ம்: ஷீட்டில் அழித்தால் மட்டும் போதாது

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ். ரூம் கேட்பவர்கள் கூகுள் ஃபார்மில் பெயர், போன் நம்பர், வரும் தேதி, எத்தனை பேர் என்று நிரப்புகிறார்கள். அதோடு ஆதார் போட்டோவும் கேட்டிருக்கிறார்கள். முதல் தவறு இதுதான். அடையாள அட்டை செக்-இன் அன்று பார்க்க வேண்டியது. ரூம் இருக்கிறதா என்று கேட்பவரிடம் அது எதற்கு?

அடுத்தது, எத்தனை நாள் வைத்திருப்பது என்பது. ஃபார்ம் வந்த நாளிலிருந்து 90 நாள் என்று கணக்கு வைத்தால், தை அமாவாசைக்காக செப்டம்பரிலேயே கேட்டவரின் விவரம் டிசம்பரில் போய்விடும். அவர் ஜனவரியில் கூப்பிடும்போது ஒன்றும் இருக்காது. அதனால் அவர் சொன்ன வருகைத் தேதியிலிருந்து எண்ணுங்கள். அது முடிந்து 30 நாள் போதும். தங்கிப் போனவரின் பில்லை ஜிஎஸ்டிக்காகப் பல வருடம் வைக்கத்தான் வேண்டும். ஆனால் அது பில்லுக்கான விதி. அதைக் காட்டி என்கொயரியையும் சேர்த்து வைக்கக் கூடாது.

யார் பார்க்கலாம்? ஃபார்மில் வரும் பதில்கள் ஒரு கூகுள் ஷீட்டில் சேர்கின்றன. லிங்க் வைத்திருக்கும் எவரும் திறக்கலாம் என்று ஷீட்டை விட்டுவைப்பது சோம்பேறித்தனம். சீசனுக்கு வந்த ரிசப்ஷன் பையனுக்கு அவன் மெயிலுக்கு மட்டும் Viewer அனுமதி கொடுங்கள். டவுன்லோட், பிரிண்ட், காப்பி வசதியையும் அணைத்துவிடுங்கள். வேலையை விட்டுப் போகும்போது ஷீட்டில் பெயரை எடுத்தால் மட்டும் பத்தாது. ஃபார்மின் பகிர்வுப் பட்டியல் தனி. அங்கே Editor ஆக இருந்தால் எல்லாப் பதிலும் அவனுக்குத் தெரியும்.

அழிப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஷீட்டில் வரியை நீக்கினாலும் அந்தப் பதில் ஃபார்முக்குள் அப்படியே இருக்கும். பிறகு வேறு ஷீட்டை இணைத்தால் நீக்கியதெல்லாம் திரும்ப வந்து நிற்கும். பழைய ஷீட்டின் Version history-யிலும் அந்த வரிகள் கிடைக்கும். ஆதார் படம் டிரைவில் தனி ஃபோல்டரில் கிடக்கும். பதிலை அழித்தாலும் படம் போகாது.

எனவே வரிசை முக்கியம். முதலில் ஃபார்மின் Responses பக்கத்தில் காலம் முடிந்த பதில்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள். பிறகு Unlink form கொடுத்து, புது ஷீட்டை இணையுங்கள். மிச்சமிருக்கும் பதில்கள் மட்டும் அதில் வரும். ‘பேசியாச்சு’, ‘அட்வான்ஸ் வந்தது’ என்று நீங்கள் கையால் எழுதிய குறிப்புகள் தானாக வராது, தேவையானவருக்கு மட்டும் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக பழைய ஷீட்டையும் ஆதார் படங்களையும் நீக்கி, டிரைவின் Trash-ஐக் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் அங்கே 30 நாள் இருக்கும்.

முடிந்ததும் அழித்த ஒருவரின் போன் நம்பரை டிரைவில் தேடிப் பாருங்கள். ஜிமெயிலில் `in:anywhere` என்று போட்டு அதன் பக்கத்தில் நம்பரை அடித்தால் குப்பையில் கிடப்பதும் சேர்ந்து வரும். ரிசப்ஷன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட ஸ்கிரீன்ஷாட் இந்தத் தேடல்களில் சிக்காது; அதைக் கையால்தான் தேடி நீக்க வேண்டும்.