ஒரே கிரவுண்டில் ஏழு டீம்: லீக் அட்டவணை போடுவது எப்படி?

கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர்க் கால்பந்துப் போட்டிக்கு முதன்முதலாக அட்டவணை எழுதியபோது, 1-2, 1-3, 1-4 என்று வரிசையாக எழுதிவிட்டேன். முதல் டீம் பையன்கள் அடுத்தடுத்து மூன்று மேட்ச் ஆட வேண்டியதாயிற்று. மூன்றாவதில் ஒரு பையன் தொடைப்பிடிப்போடு கோட்டோரமாகப் படுத்துக் கிடந்ததை இன்னும் மறக்கவில்லை. அந்தத் தவறு நேராமல் எழுதும் முறை இதுதான்.

முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் காலை ஒன்பது வரை புல் ஈரமாக வழுக்கும். மதியம் மூன்றரைக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்ப்பக்க கோல் போஸ்ட் தெரியாது. ஆகவே நான் 9.30 முதல் 3.30 வரை மட்டுமே நம்புவேன். பாதிக்கு 20 நிமிடம், நடுவில் 5, அடுத்த டீம்கள் இறங்க 15 என்று ஒரு மேட்ச்சுக்கு ஒரு மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு மேட்ச். ஏழு டீம் ஒவ்வொன்றும் மற்ற ஆறோடு ஒருமுறை மோதினால் 7 × 6 ÷ 2 = 21 மேட்ச். அப்படியானால் மூன்று ஞாயிறு முழுதாகவும் நான்காவதில் அரை நாளும் வேண்டும். அந்த மிச்ச அரை நாளை வேறெதற்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து ஜோடி சேர்ப்பது. டீம்களுக்குச் சீட்டுக் குலுக்கி 1 முதல் 7 வரை எண் கொடுங்கள். ஏழு ஒற்றைப்படை என்பதால் ஓய்வுக்கு 0 என்று ஓர் எண்ணைச் சேர்த்து, இப்படி இரண்டு வரியாக எழுதுங்கள்:

```
0 1 2 3
7 6 5 4
```

மேலும் கீழும் இருப்பவர்கள் மோதுவார்கள். 0-க்குக் கீழே இருக்கும் 7-க்கு ஓய்வு. முதல் சுற்று 1-6, 2-5, 3-4. இனி 0-வை அசைக்காமல், மற்ற எல்லா எண்ணையும் கடிகாரம் சுற்றும் திசையில் ஓரிடம் நகர்த்துங்கள்:

```
0 7 1 2
6 5 4 3
```

இரண்டாம் சுற்று 7-5, 1-4, 2-3. ஓய்வு 6-க்கு. இப்படியே ஏழு சுற்று எழுதினால் 21 மேட்ச்சும் வந்துவிடும். ஏதாவது ஜோடி இரண்டு முறை வந்தால், நகர்த்தும்போது ஓர் எண் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

பெரும்பாலானோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஒரே நாளில் இரண்டு சுற்று நடக்கும்போது எந்த மேட்ச் முதலில் என்பதில்தான் பையன்களின் கால் இருக்கிறது. எழுதிய வரிசையிலேயே விட்டால் 5-ம் டீம் இரண்டாவது மேட்ச்சும் நான்காவது மேட்ச்சும் ஆடும். நடுவில் ஒரே மேட்ச்தான் இடைவெளி.

இதற்கு ஒரு சங்கிலி போடுங்கள். முதல் சுற்றில் ஓய்வெடுத்த 7-லிருந்து தொடங்குங்கள். இரண்டாம் சுற்றில் 7 மோதுவது 5-ஓடு. முதல் சுற்றில் 5 மோதியது 2-ஓடு. மறுபடி இரண்டாம் சுற்றில் 2, 3-ஓடு. இப்படிச் சுற்று மாற்றி மாற்றிப் போனால் 7-5-2-3-4-1-6 என்று சங்கிலி வரும். இந்தச் சங்கிலியில் வரும் வரிசையிலேயே முதல் சுற்று மேட்ச்களை முதலில் எழுதுங்கள்: 5-2, 3-4, 1-6. பிறகு இரண்டாம் சுற்று: 7-5, 2-3, 4-1. இப்போது எந்த டீமை எடுத்தாலும் அதன் இரண்டு மேட்ச்சுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மேட்ச் இடைவெளி. சாப்பிட்டுவிட்டு இளைப்பாற இரண்டே கால் மணி நேரம் கிடைக்கும். மூன்றாம், நான்காம் சுற்றுகள் சேரும் நாளுக்கும், ஐந்தாம், ஆறாம் சுற்றுகள் சேரும் நாளுக்கும் இதே முறையில் புதுச் சங்கிலி போடுங்கள்.

கீழ்க்கோத்தகிரி பக்கத்திலிருந்து வரும் டீம் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் 9.30-க்கு வர முடியாது என்றால், ஒரு மேட்ச்சை மட்டும் இழுத்துத் தள்ளி வைக்காதீர்கள், சங்கிலி அறுந்துவிடும். அட்டவணை அப்படியே இருக்கட்டும். வேறொரு டீம் சம்மதித்தால் இரண்டின் எண்களையும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் மேட்ச் எந்த நாளிலும் வராத எண் 6.

பனி இறங்கி முதல் ஞாயிறின் கடைசி மேட்ச் 4-1 நின்றுபோனால், அதை அடுத்த வாரக் காலையில் செருகாதீர்கள். அன்று 1-க்கும் 4-க்கும் ஏற்கெனவே மேட்ச் இருக்கிறது. நான்காவது ஞாயிறு ஏழாம் சுற்று 2-7, 3-6, 4-5 மட்டும்தான். 1-க்கு ஓய்வு. அன்று 4-5 ஐ முதலில் 9.30-க்கு வைத்தால், 4-1 ஐ 12.30-க்கு ஆடலாம்.