‘காது’ன்னு தனியா வந்த மெசேஜ்: ஓடிபி டெம்ப்ளேட் சரி பண்ண என் அனுபவம்

மதுரைல ஒரு வங்கிக்கு தமிழ் ஓடிபி எஸ்எம்எஸ் எழுதிக் கொடுத்தோம். செல்லூர்க்காரர் ஒருத்தர் போன் போட்டு "என்ன தம்பி, வெறும் ‘காது’ன்னு ஒரு மெசேஜ் வருது"ன்னார். அனுப்புனது இதுதான்:

```
482913 OTP, ரூ.500000 அனுப்ப. யாருக்கும் சொல்லாதீர்கள், வங்கி கேட்காது
```

தமிழ் எஸ்எம்எஸ் 70 குறிக்குள்ள இருந்தாதான் ஒரே மெசேஜ், தாண்டுனா 67, 67ஆ உடையும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி கணக்கு, ஆனா ‘சொ’ல வர்ற மாதிரி ரெண்டு பக்கமும் நிக்குற குறி ஒண்ணாதான் கணக்கு. எண்ணிப் பார்த்தா சரியா 70, ஆனா எஸ்எம்எஸ் அனுப்புற கேட்வே லாக்ல 71. கடைசி நாலு குறி உடைஞ்சு ‘காது’ன்னு போயிருக்கு, மோசடி எச்சரிக்கையே பாதில அறுந்துருச்சு. ஆயிரக்கணக்குல அனுப்புறவங்களுக்கு இலக்கம் கம்மி, அதனால யாரும் கவனிக்கல.

கேட்வேய மாத்துனோம், வேற போன்ல பார்த்தோம், கடைசில ஸ்பேஸ் இருக்கான்னு தேடுனோம், ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒவ்வொரு குறியோட யூனிகோட் நம்பரையும் பிரிச்சுப் போட்டா ‘சொ’ல சிக்குச்சு. ொ ஒரே குறியா (U+0BCA) இல்லாம ெ, ா ன்னு ரெண்டா இருந்துச்சு, கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். யூனிகோட் இல்லாத பழைய பாமினி ஃபான்ட் ஃபைல கன்வெர்ட் பண்ணி எடுத்த வரி அது.

```
text = unicodedata.normalize("NFC", text)
```

இது ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்து 70க்கு கொண்டுவந்துச்சு, ஆனா கோடி ரூபாய்னா மறுபடி உடையும், அதனால ‘சொல்லாதீர்’னு சுருக்கினோம், மூணு குறி மிச்சம். எஸ்எம்எஸ் வரிகள முன்கூட்டியே பதியுற டிஎல்டி தளத்துல இருக்குற வரியோட பொருந்தலன்னா மெசேஜே போகாது, அதனால புது வரிய அங்கயும் பதிஞ்சு அப்ரூவல் வந்த பிறகுதான் மாத்துனோம்.